14,500 ரூபாய் போய்விட்டது: ஃபோகஸ் தவறிய வீடியோவைத் தெளிவாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரிதான் கடைசியாக அவர்களுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. காலையில் பார்த்தால் என் நம்பரையே பிளாக் செய்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

2016-ல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தோம். போன வருஷம் அப்பா போய்விட்டார். அவர் நடமாடுகிற வீடியோ என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். ஐம்பது நிமிஷம் ஓடும். அதில் அப்பா இரண்டாம் முறை அம்மாவுக்குத் தாலி கட்டுகிற நாற்பது நொடி மட்டும் மங்கலாக இருக்கும். பத்து வருஷமாக அம்மாவுக்கு அது ஒரு குறை. இப்போது அப்பா இல்லாதபோது அந்தக் குறை பெரிதாகிவிட்டது. திதிக்கு முன்னால் சரி செய்து கொடுத்துவிட வேண்டும் என்று ஆன்லைனில் தேடினேன். பழைய வீடியோ, மங்கலான வீடியோ எல்லாவற்றையும் தெளிவாக்கித் தரும் சேவை ஒன்று கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம். இதே மாதிரி நிறைய இருக்கின்றன, எல்லாருக்கும் இது பொருந்தும்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்ததும் அதே இடத்தில்தான். முழு வீடியோவையும் அனுப்பச் சொன்னார்கள். மறுநாளே பத்து நொடி சாம்பிள் வந்தது. ஆசீர்வாதம் வாங்குகிற பகுதி. இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. பெரியம்மாவின் புடவை ஜரிகை, மாமாவின் மீசை, நெற்றி விபூதிக் கோடு, எல்லாம் பளிச்சென்று இருந்தன. போனில் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். "தாலி கட்டுறதும் இப்படி வந்துடுமா?" என்று கேட்டாள். அதையே அவர்களிடம் கேட்டேன். "கண்டிப்பா வரும் சார், இதே சாஃப்ட்வேர்தானே" என்றார் அந்தப் பையன். உடனே 7,000 ரூபாய் யுபிஐ-யில் அனுப்பினேன். வேலை முடிந்ததும், ஃபைல் தருவதற்கு முன்னால், மீதி 7,500. மொத்தம் 14,500 ரூபாய்.

ஃபைல் வந்தது. டிவியில் போட்டோம். அப்பாவின் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, யாரோ வெட்டி ஒட்டியது போல. பட்டு வேட்டி முழுக்க மணல் தூவியது போல் புள்ளிகள். குத்துவிளக்குச் சுடர்கள் வட்டவட்டமாக, ஓரம் மட்டும் கெட்டியாக. அப்பாவின் கண் இருக்க வேண்டிய இடத்தில் அதே கறுப்புக் கறைதான், இப்போது இன்னும் கறுப்பாக. அம்மா பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன் செய்தேன். முதல் நாள், "டிவியில ஷார்ப்னஸைக் கூட்டி வச்சுப் பாருங்க சார்." இரண்டாம் நாள், "இன்னொரு தடவை ரெண்டர் ஓடுது." நான்காம் நாள், "ஒரிஜினலே அப்படித்தானே இருந்துச்சு, நாங்க என்ன பண்ண முடியும்?" அது தெரிந்துதானே 14,500 ரூபாய் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "சாம்பிள் பார்த்து ஓகே சொன்னது நீங்கதான்" என்று பதில். அதோடு சரி.

என் சித்தி மகன் கல்யாண வீடியோக்கள் எடிட் செய்கிறான். வெட்கப்பட்டு அவனிடம் முதலில் சொல்லவில்லை. பிளாக் ஆன பிறகு இரண்டு ஃபைலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்தி, படத்தை நூறு சதவீத அளவில் வைத்தான். அதாவது வீடியோவின் ஒரு புள்ளி, திரையில் ஒரு புள்ளி. "அண்ணா, அப்பாவைப் பார்க்காதே. பின்னாடி பார்" என்றான். பார்த்தேன். மணவறைக்குப் பின்னால் கட்டியிருந்த வாழையிலையின் நரம்பை எண்ணலாம் போல இருந்தது. கேமரா அங்கே ஃபோகஸ் ஆகியிருக்கிறது. பெரிய துளையுள்ள லென்ஸ், எஃப் 1.8. இரண்டரை மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சாண் ஆழம்தான் தெளிவாக இருக்கும். அப்பா அதற்கு வெளியே நிற்கிறார். பத்து வருஷமாகப் பார்த்த வீடியோ, நான் அந்த வாழையிலையைக் கவனித்ததே இல்லை.

அப்புறம், அவர்கள் போட்டிருக்கிற ஷார்ப்பன் என்றால் என்ன என்று சொன்னான். மென்பொருள் முதலில் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கும். அசலிலிருந்து அந்த நகலைக் கழிக்கும். மிஞ்சுவது ஓரங்கள் மட்டும்: ஜரிகையின் விளிம்பு, மீசையின் விளிம்பு. அதை அசலோடு திரும்பக் கூட்டும். அவ்வளவுதான். விளிம்பின் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகும், இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாகும், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும். ஃபிலிம் காலத்தில் இருட்டறையில் நெகட்டிவிலிருந்து மங்கலான ஒரு பாசிட்டிவ் நகல் எடுத்து, அதை நெகட்டிவோடு சேர்த்து வைத்து இதையே கையால் செய்திருக்கிறார்கள். கூர்மையாக்குகிற இந்த முறைக்கு அன்ஷார்ப் என்ற பெயர் அந்த மங்கலான நகலால்தான் வந்ததாம்.

ஆக, கூட்டுவதற்கு அசலில் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆசீர்வாதப் பகுதியில் மிஞ்சியிருந்தது. அங்கே ஃபோகஸ் சரி. கேமராமேன் எடிட்டில் ஓரத்தை வெட்டிக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார், அதனால் ஒரு விளிம்பு இரண்டு மூன்று புள்ளிக்குப் பரவியிருக்கிறது. அதை நிமிர்த்தலாம். தாலி கட்டும் இடத்தில் கண்ணிமையின் வெளிச்சம் இருபது புள்ளிக்கும் மேலே வட்டமாகப் பரவிக் கன்னத்தோடு கலந்துவிட்டது. அங்கே இமை என்று ஒன்று பதிவாகவே இல்லை. ஷார்ப்பனுக்கு அங்கே அகப்பட்டது தலையின் வெளிக்கோடும், வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் கேமராவில் விழுந்த மணல் போன்ற புள்ளிகளும்தான். அதைத்தான் பெருக்கியிருக்கிறது. வெள்ளைக் கோடும் மணலும் வந்தது இப்படித்தான்.

இப்போது புரிகிறதா, அவர்கள் ஏன் ஆசீர்வாதப் பகுதியைச் சாம்பிளாக எடுத்தார்கள் என்று? எது சரியாகும், எது ஆகாது என்று நன்றாகத் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது நாற்பது நொடி. காட்டியது வேறு பத்து நொடி. அதற்கு 14,500 ரூபாய்.

இன்னொன்றும் கண்டுபிடித்தான். நான் அனுப்பியது 9 ஜிபி, திரும்பி வந்தது 1.2 ஜிபி. ஷார்ப்பன் செய்ததும் அந்த மணல் புள்ளிகள் கூடும், அவற்றைப் பதிய இன்னும் அதிக இடம் வேண்டும். இவர்கள் இடத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் நன்றாக இருந்த பகுதிகள்கூடக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. டிவியில் ஷார்ப்னஸைக் கூட்டச் சொன்னார்களே, அதுவும் இதே வேலைதான். ஏற்கெனவே இருக்கிற வெள்ளைக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு.

என் வயிற்றெரிச்சலைக் கூட்டுவது போல, ஆசீர்வாதப் பகுதியை அவன் என் கண் முன்னாலேயே சரி செய்தான். காசில்லாமல் கிடைக்கிற ffmpeg என்ற மென்பொருள்தான். முதலில் பத்து நொடி மட்டும்:

```
ffmpeg -ss 00:31:10 -t 10 -i asal.mp4 \
 -vf "hqdn3d=2:1:3:3,unsharp=5:5:0.6:5:5:0" \
 -c:v libx264 -crf 16 -c:a copy test.mp4
```

`hqdn3d` மணல் புள்ளிகளை லேசாக அடக்குகிறது. இது முதலில் வர வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ப்பன் புள்ளிகளைத்தான் பிடிக்கும். `unsharp`-ல் 5:5 என்பது எத்தனை புள்ளி அகலத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்பது, 0.6 என்பது எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது. கடைசி 0 நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் கூர்மையாக்குகிறது, நிறத்தையும் கூட்டினால் விளிம்பில் சாயம் கசியும். `crf 16` ஃபைல் உடையாமல் இருக்க. முதலில் 1.5 போட்டுக் காட்டினான், மாமாவின் சட்டைக் காலரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு வந்தது. 1.0-லும் கொஞ்சம் இருந்தது. 0.6-ல் கோடு மறைந்தது, ஜரிகை நின்றது. அதையே ஆசீர்வாதப் பகுதியின் பன்னிரண்டு நிமிஷத்துக்கும் போட்டான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்கள் அனுப்பிய சாம்பிளை விட இது இயல்பாக இருந்தது.

அட்சதை தூவுகிற காட்சியையும் போட்டுப் பார்த்தோம். கைகள் அசைந்து இழுபட்ட மங்கல். ஒவ்வொரு அட்சதையும் ஒரு கோடாக நீண்டிருக்கும். ஷார்ப்பன் செய்ததும் அந்தக் கோட்டுக்குத்தான் விளிம்பு வந்தது. அங்கே ஷார்ப்பனை எடுத்துவிட்டோம்.

தாலி கட்டுகிற இடத்தில் எதையும் போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். அன்றைக்கு ஸ்டில் எடுத்தவர் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார், ஆல்பத்தில் அப்பாவின் முகம் தெளிவாக ஒரு படம் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, மங்கலான அசல் நாற்பது நொடி முடிந்ததும் சில நொடி நிற்கிற மாதிரி வைக்கலாம் என்றான். அம்மாவிடம் கேட்டேன், சரி என்றாள். செலவு ஒன்றுமில்லை. போன 14,500 ரூபாய் போனதுதான்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்குக் கைவசம் இருப்பது இவ்வளவுதான். சாம்பிள் கேட்டால், உங்களுக்கு எந்த நொடி வேண்டுமோ அந்த நொடியை நீங்களே குறித்துக் கொடுத்துக் கேளுங்கள். சாம்பிளைப் போனில் பார்க்காதீர்கள், சின்னத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். கணினியில் நூறு சதவீதத்தில் வைத்து, தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதே காட்சியில் வேறு ஏதாவது பொருள் கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் அங்கே போய்விட்டது என்று அர்த்தம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். வாட்ஸப்பில் வந்ததைக் கொடுக்காமல் அசல் ஃபைலைக் கொடுங்கள், அதன் ஒரு நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை முழு ஃபைலையும் பார்ப்பதற்கு முன்னால் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன்.