ஒரு + குறியால் 22,400 ரூபாய் போச்சு: மின்னஞ்சலில் ப்ளஸ் போடுகிறவர்கள் படித்துவிடுங்கள்

கை நடுங்க எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும் ஒரு இணையதளத்தில் 22,400 ரூபாயைப் பறிகொடுத்து நான்கு நாள்தான் ஆகிறது.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் முதல் நான்கு அறை, இரண்டு ராத்திரி, ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 2,800. மொத்தம் 22,400. 72 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் எந்தத் தளத்திலும் என் முகவரியை வெறுமனே கொடுப்பதில்லை. ஜிமெயிலில் @ குறிக்கு முன்னால் ஒரு + போட்டு அதன்பின் எந்தச் சொல்லை எழுதினாலும் அஞ்சல் நமக்கேதான் வந்து சேரும். கரன்ட் பில்லுக்கு +eb, பிள்ளைகளின் பள்ளிக்கு +school என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் போட்டிருப்பதால் வந்தவுடன் தானாக அதனதன் லேபிளுக்குள் போய்விடும். ஆறு வருடமாக இப்படித்தான். அறை எடுக்கும்போதும் xxxx+arai@gmail.com என்று கொடுத்தேன். (xxxx இருக்கும் இடத்தில் என் பெயர்.)

அந்தத் தளம் மறுக்கவே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. அந்த முகவரிக்கே ஓடிபி வந்தது. போட்டேன், "உங்கள் மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது" என்றது. யுபிஐயில் 22,400 போனது, அடுத்த நிமிடம் உறுதி அஞ்சல் வந்தது, அதற்குக் கீழேயே ரத்து செய்வதற்கான லிங்க்கும் இருந்தது. இதற்குமேல் எதைச் சோதித்துப் பார்ப்பது? நம்பினேன்.

சனிக்கிழமை இரவு பெரியப்பா தவறிவிட்டார். பங்காளித் தீட்டு, கல்யாணத்தைத் தள்ளிவைத்தாயிற்று. திங்கள் காலை லிங்க்கைத் தொட்டேன். கெடு செவ்வாய் மதியம் 12 மணி, நேரம் தாராளமாக இருந்தது. திரையில் வந்தது இது: "xxxx arai@gmail.com என்ற முகவரியில் பதிவு எதுவும் இல்லை." + இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம். நான் எதையும் தட்டச்சு செய்யவில்லை, அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொட்டதோடு சரி. உள்நுழையும் பக்கத்துக்குப் போய் நானே + போட்டு அடித்தேன். "தவறான மின்னஞ்சல்" என்று சிவப்பில் வந்தது. பணம் வாங்கும் பக்கம் + குறியை ஏற்றுக்கொள்கிறது, பணம் திருப்பும் பக்கம் ஏற்றுக்கொள்ளாது!

போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு பையன் எடுத்தான். "மேடம், உங்க ஐடியில ஸ்பேஸ் இருக்கு, அது எங்க சிஸ்டத்துல வராது." தம்பி, அது ஸ்பேஸ் இல்லப்பா, ப்ளஸ் என்றேன். "ப்ளஸ்ஸெல்லாம் மெயில் ஐடியில வராதுங்க மேடம். பதிவு பண்ண ஐடியிலிருந்து மெயில் பண்ணுங்க." அனுப்பினேன். சாயங்காலம் பதில்: இந்த முகவரி எங்களிடம் பதிவாகவில்லை. ஏனென்றால் +arai முகவரிக்கு வந்த அஞ்சலுக்குப் பதில் போட்டாலும், நாமாக மாற்றி வைத்திருந்தால் ஒழிய, ஜிமெயில் அதை + இல்லாத முகவரியிலிருந்துதான் அனுப்பும். இது எனக்கு அன்றுவரை தெரியாது. செவ்வாய் காலை பத்து மணிக்கு மறுபடி போன், பேச்சுக்கு நடுவில் துண்டித்துவிட்டார்கள். 11.40க்கு எடுத்த பெண் "டிக்கெட் போட்டிருக்கேன் மேடம், 48 மணி நேரத்துல பார்ப்பாங்க" என்றாள். பன்னிரண்டு மணிக்குக் கெடு முடிகிறது என்று கத்தினேன். "புரியுது மேடம்" என்றாள், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி என் தம்பி வந்து லிங்க்கைப் பார்த்தான். "அக்கா, இது அவங்க தப்பு" என்று இரண்டே நிமிடத்தில் சொன்னான். வலை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் + குறியைப் பெரும்பாலான சர்வர்கள் வெற்றிடம் என்றே படிக்கும், படிவங்களுக்கென்று இருக்கும் பழைய வழக்கம் அது. உண்மையான + போய்ச் சேரவேண்டும் என்றால் அதை %2B என்று மாற்றி எழுதவேண்டும். லிங்க்கை உருவாக்கும் நிரல் செய்யவேண்டிய வேலை அது, அவர்கள் செய்யவில்லை.

```
email=xxxx+arai@gmail.com    →  xxxx arai@gmail.com
email=xxxx%2Barai@gmail.com  →  xxxx+arai@gmail.com
```

அவன் உலாவியின் முகவரிப் பட்டையில் + குறியை அழித்து %2B என்று அடித்தான். பக்கம் திறந்தது. என் பெயர், நான்கு அறை, 22,400, எல்லாம் அங்கேயே இருந்தது. கீழே சிவப்பில்: "ரத்துக் கெடு முடிந்தது. திரும்பும் தொகை ₹0." ஒன்பது மணி நேரம் முன்னால் இந்த மூன்று எழுத்து தெரிந்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில் இதையும் பார்க்க வைத்தார்கள்.

வியாழக்கிழமை முதல் கடன் தருகிறோம், சுற்றுலா கூட்டிப்போகிறோம் என்று இரண்டு விளம்பரம் வந்திருக்கிறது. இரண்டிலும் To வரியில் xxxx+arai. அந்த முகவரியை உலகத்தில் வேறு யாருக்கும் நான் கொடுத்ததில்லை. முகவரி அங்கிருந்துதான் வெளியே போயிருக்கிறது.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், தெம்பு இல்லை. காசு சம்பந்தப்பட்ட இடத்தில் + போடாதீர்கள், போட்டே ஆகவேண்டும் என்றால் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்து பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் Send mail as என்ற இடத்தில் அந்த + முகவரியை இன்றே சேர்த்துவையுங்கள், அப்போதுதான் அதிலிருந்து எழுத முடியும். லிங்க் திறக்காமல் வெற்றிடம் தெரிந்தால் %2B போட்டுப் பாருங்கள்.

தம்பி சொந்த டொமைன் வைத்திருக்கிறான், கேட்ச்-ஆல் போட்டு. @ குறிக்கு முன்னால் எந்தப் பெயர் போட்டாலும் ஒரே பெட்டியில் விழும், + தேவையே இல்லை, எந்தத் தளமும் மறுப்பதில்லை. ஆனால் அதுவும் வாங்குவதற்கு மட்டும்தான். "பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதுங்கள்" என்று கேட்டால் அந்தப் பெயரில் அனுப்ப அவனும் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும். info, sales என்று குருட்டாம்போக்கில் அனுப்பும் குப்பை அஞ்சலும் அத்தனையும் உள்ளே வரும். டொமைனைப் புதுப்பிக்க மறந்து அது கைமாறினால், வாங்கியவர் கேட்ச்-ஆல் போட்டு உங்கள் பாஸ்வேர்டு மாற்றும் அஞ்சல்களையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம். போடுகிறவர்கள் தேதியைக் குறித்துவையுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ரத்துப் பக்கத்தின் படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. இன்று காலை அந்தத் தளத்திலிருந்து பதில் வந்தது: உங்கள் பதிவைக் கண்டறிய இயலவில்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது. அந்த அஞ்சலை அவர்கள் அனுப்பியிருப்பது xxxx+arai@gmail.com முகவரிக்கு.