ஏழில் உட்கார்ந்த கிரகமா, ஏழாம் அதிபதியா: துணையின் குணத்துக்கு எதை நம்புவது?

ஏழாம் இடத்தை வைத்து வரப்போகும் கணவனோ மனைவியோ எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஜோதிடர்கள் முக்கியமாக மூன்று வழிகளைப் பிடிக்கிறார்கள். ஏழில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது ஒன்று. ஏழாம் வீட்டுக்காரர் எங்கே போய் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் கிரகமான களத்திரகாரகனைப் பிடிப்பது. ஒரே கட்டத்தை மூன்று பேரிடம் கொடுத்தால் மூன்று மாப்பிள்ளைகள் வருவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதுதான். எதற்கு எவ்வளவு எடை என்பதை ஒரு கட்டத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

கன்னி லக்னம், பெண் ஜாதகம். ஏழாம் வீடு மீனம், அதில் சனி 24 பாகையில். மீனத்துக்கு அதிபதி குரு, அவர் ஐந்தாம் வீடான மகரத்தில் 19 பாகையில் நீசம். 1997 முழுக்க சனி மீனத்திலும் குரு மகரத்திலும்தான் இருந்தார்கள் (பாகை மட்டும் மாறிக்கொண்டிருந்தது), அதனால் அந்த வருடம் கன்னி லக்னத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் இந்த அமைப்பு உண்டு. வரன் பார்க்கும் வீடுகளில் இது அடிக்கடி மேஜைக்கு வருகிற கட்டம்.

முதல் வழியில் பார்ப்பவர் சனியைக் கண்டதுமே பேச ஆரம்பித்துவிடுவார். வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர், உழைப்பாளி, கல்யாணம் தாமதமாகும். இதில் மரபுக்கு மாறாக எதுவும் இல்லை. சனிக்கு ஏழாம் இடத்தில் திக்பலம் என்ற திசை வலிமை உண்டு, குருவின் வீட்டில் இருப்பதால் கடுமையும் கொஞ்சம் தணியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஓரளவு நியாயமான பலன். ஆனால் இந்த லக்னத்துக்குச் சனி ஐந்துக்கும் ஆறுக்கும் உடையவர். ஆறாம் அதிபதி ஏழில் வந்தால் வாக்குவாதம், கடன் பேச்சு என்று உறவின் தினசரி உரசலையும் படிக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் எனக்கு இந்த வழி மேல் சந்தேகம் வருகிறது, ஏனென்றால் ஏழில் உள்ள கிரகம் ஆளைச் சொல்வதை விட அந்த வீட்டுக்குள் நடக்கும் வாழ்க்கையைத்தான் அதிகம் சொல்கிறது. கல்யாண வாழ்க்கை கனமாக இருக்கும் என்பதும் கணவன் கனமான ஆள் என்பதும் ஒன்றில்லையே.

அதைவிடப் பெரிய சிக்கல், சனி உண்மையில் ஏழில்தான் இருக்கிறாரா என்பது. ராசிக் கட்டத்தில் ஏழுதான், சரி. லக்னப் புள்ளியைப் பாவத்தின் நடுவாக வைத்து இருபுறமும் 15 பாகை எடுக்கும் முறையில் பாவக் கட்டம் போட்டுப் பாருங்கள். லக்னம் கன்னியில் 3 பாகை என்றால் ஏழாம் பாவம் மீனத்தில் 18 பாகையோடு முடிந்துவிடும், 24-ல் இருக்கும் சனி எட்டாம் பாவத்துக்குப் போய்விடுவார். லக்னம் 20 பாகையில் விழுந்திருந்தால் அவர் ஏழிலேயே இருப்பார். லக்னம் ஒரு பாகை நகரச் சுமார் 4 நிமிடம் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ராசிக் கட்டம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் ஏழில் கிரகமே இல்லாத ஜாதகங்கள் ஏராளம், அங்கே இந்த வழிக்குப் பேச்சே வராது.

இரண்டாவது வழிக்காரர் குருவைத் தேடிப் போவார், நீசம் என்று பார்த்ததும் முகம் சுருங்கும். வசதி இல்லாத வரன், தரம் குறைந்த குணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு, அது அரைகுறைப் படிப்பு. நீசமான குருவுக்கு வீடு கொடுத்த சனி லக்னத்துக்குக் கேந்திரமான ஏழில் இருக்கிறார், ஆக நீசம் நீங்கும் நீசபங்கம். அதோடு, குருவின் வீட்டில் சனி, சனியின் வீட்டில் குரு, அதாவது ஐந்துக்கும் ஏழுக்கும் பரிவர்த்தனை. பரிவர்த்தனையில் இருவரும் தத்தம் சொந்த வீட்டில் இருப்பது போலவே பலன் எடுப்பது வழக்கம், ஐந்தும் ஏழும் இப்படிக் கைகோர்த்தால் காதல் கல்யாணம் அல்லது முன்பே பழகியவர் என்றும் சொல்வார்கள். ஏழில் சனி என்று பயந்த அதே வீட்டில் இது என்ன புதுக் கதை என்று தோன்றும்தான்.

குணத்துக்கு இப்போது குருவைப் படித்தால், படிப்பும் நியாய உணர்வும் உள்ளவர், யோசனை கேட்காமலேயே யோசனை சொல்கிறவர். மகரத்தில் இருப்பதால் ஆடம்பரமும் பக்திப் பேச்சும் குறைவு, காசில் கணக்கு அதிகம். சனி தரும் குணத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகிற இடம் ஒன்று தெரிகிறது: பொறுப்பானவர், ஆனால் பாசத்தை வாயால் சொல்லத் தெரியாதவர். ஒத்துப்போகிற அந்த ஒரு துண்டைத்தான் நான் தைரியமாகச் சொல்வேன். தாமதமா காதலா என்ற கேள்வியில் இரண்டு வழிகளும் வேறு வேறு திசையில் இழுக்கின்றன, அதைக் குணப் பலனோடு கலக்காமல் தசா புத்திக்கு விட்டுவிடுவது நல்லது.

காரகனைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஆண், பெண் இருவருக்குமே சுக்கிரன் என்பார் ஒரு சாரார், பெண்ணுக்குக் கணவனைக் குறிப்பவர் குரு என்பார் இன்னொரு சாரார். இந்த ஜாதகத்தில் குருவைக் காரகனாக எடுத்தால் அவரே ஏழாம் அதிபதியும் ஆகிறார். அதிபதியும் காரகனும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் பார்த்தீர்களா என்று சொல்லும் ஜோதிடர், ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுகிறார். சுக்கிரனை எடுத்தாலும், அவர் காட்டுவது இந்தப் பெண் எதை விரும்புவாள் என்பதைத்தான் என்பது என் கருத்து, வருகிறவர் எப்படி இருப்பார் என்பது வேறு.

ஆக, குணத்துக்கு அதிபதியே முதல், ஏழில் உள்ள கிரகம் அதற்கு அடுத்து. எந்தப் பக்கம் சாய்வது என்று புரியாத இடத்தில், ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சம் பார்ப்பார்கள். 19 பாகை குரு நவாம்சத்தில் மிதுனத்துக்குப் போகிறார், நீசத்திலிருந்து வெளியே வந்துவிட்டார், ஆனால் பகையான புதன் வீடு. அறிவு இருக்கும், பேச்சில் தர்க்கமும் இருக்கும். 24 பாகை சனி கும்பத்தில் ஆட்சி. பொறுப்பானவர் என்ற பலனுக்கு இது வலுச் சேர்க்கிறது.

ஆனால் நவாம்ச லக்னத்துக்கு ஏழாம் இடம் என்று போனால் உஷார். கன்னியில் 3 பாகை லக்னத்துக்கு நவாம்ச லக்னம் மகரம், ஏழு கடகம், அதிபதி சந்திரன். 4 பாகை என்றால் கும்பம், ஏழு சிம்மம், அதிபதி சூரியன். 4 நிமிட வித்தியாசத்தில் மென்மையான கணவன் அதிகாரக் கணவனாக மாறிவிடுகிறார்! பிறந்த நேரம் 9.00, 9.30 என்று முழு எண்ணாக எழுதியிருந்தால், அது யாரோ ஞாபகத்தில் வைத்துச் சொன்ன நேரமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட ஜாதகத்தில் நவாம்ச லக்னத்தையும் பாவக் கட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, ஏழாம் அதிபதி ராசியில் எங்கே, நவாம்சத்தில் எங்கே என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். குருவும் சனியும் ஒரு நவாம்சத்தைக் கடக்கவே பல நாள் ஆகும் என்பதால், நேரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் லக்ன ராசி மாறாத வரை அந்த இரண்டும் அப்படியேதான் இருக்கும்.