காலாண்டுச் செலவு அறிக்கையைத் தானாகத் தயாரிக்கும் முறை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்தில் நிதியளிப்பாளருக்கு அனுப்பும் காலாண்டுச் செலவு அறிக்கை சில ஆண்டுகளாகத் தானாகவே தயாராகிறது. கணக்கு மென்பொருளிலிருந்து பேரேட்டை எக்ஸ்போர்ட் செய்து ஒரு விரிதாளில் ஒட்டினால் போதும், பட்ஜெட் தலைப்பு வாரியாக ஒதுக்கீடு, இந்தக் காலாண்டுச் செலவு, மொத்தச் செலவு, மீதி எல்லாம் வந்துவிடும். கூட்டல் தவறு என்பதே இப்போது இல்லை. ஆனால் இந்த முறை நம்பத்தக்கதாக மாறியது ஒரு குறிப்பிட்ட சிக்கலைச் சரிசெய்த பிறகுதான், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்: தாமதமாக வரும் பில்.

முதல் காலாண்டில் ஒரு பயிற்சி நடக்கிறது. அறிக்கை போகும்போது பயிற்சித் தலைப்பில் 82,000 செலவு என்று காட்டுகிறோம். அதன் பிறகு அரங்க வாடகை பில் 18,000 வந்து சேர்கிறது. செலவு முதல் காலாண்டுக்கு உரியது என்பதால் கணக்காளர் வவுச்சர் தேதியை அந்தக் காலாண்டிலேயே போடுகிறார், அது சரியான கணக்குமுறைதான். இரண்டாம் காலாண்டின் சொந்தச் செலவு 95,000. இப்போது தானியங்கி அறிக்கை இரண்டாம் காலாண்டுக்கு 95,000 என்றும், தொடக்கத்திலிருந்து மொத்தம் 1,95,000 என்றும் சொல்கிறது. நிதியளிப்பாளர் கையில் இருக்கும் பழைய அறிக்கையின் 82,000-ஐயும் புதிய 95,000-ஐயும் கூட்டினால் 1,77,000தான். அந்த 18,000 எங்கே என்று கேள்வி வரும், வரவும் செய்தது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரி, சேர்த்து வைத்தால் பொருந்தவில்லை.

தீர்வு, ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதிகளை எடுப்பது. ஒன்று வவுச்சர் தேதி, இன்னொன்று அந்தப் பதிவு கணினியில் ஏறிய நாள். எங்கள் மென்பொருளில் இரண்டாவது தேதி வழக்கமான எக்ஸ்போர்ட்டில் வராது, தணிக்கைத் தடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அறிக்கையில் "முந்தைய காலாண்டுத் திருத்தம்" என்று தனி நெடுவரிசை சேர்த்தோம்:

```
=SUMIFS(Ledger!E:E, Ledger!C:C, $B$5,
 Ledger!D:D, A8, Ledger!A:A, "<"&$B$1,
 Ledger!B:B, ">"&$B$3, Ledger!B:B, "<="&$B$4)
```

Ledger என்ற பேரேட்டுத் தாளில் A வவுச்சர் தேதி, B பதிவேறிய நாள், C மானியக் குறியீடு, D பட்ஜெட் தலைப்பு, E தொகை. அறிக்கைத் தாளில் A8-இல் அந்த வரியின் பட்ஜெட் தலைப்பு, B1-இல் காலாண்டின் தொடக்கம், B3-இல் சென்ற அறிக்கைக்குப் பேரேட்டை எடுத்த நாள், B4-இல் இப்போது எடுக்கும் நாள், B5-இல் எந்த மானியம் என்பது. காலாண்டுச் செலவு நெடுவரிசையிலும் பதிவேறிய நாள் B4-ஐத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. இப்போது 82,000, திருத்தம் 18,000, 95,000 மூன்றும் சேர்ந்து 1,95,000. அனுப்பிய அறிக்கையைத் திரும்பத் திருத்த வேண்டியதில்லை, 18,000 என்ன என்பதற்குக் குறிப்பு நெடுவரிசையில் ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். SUMIFS தலைப்பு காலியாக உள்ள பதிவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், தலைப்பின் எழுத்து சற்று மாறியிருந்தாலும் அப்படித்தான். பிழைச் செய்தி எதுவும் வராது, செலவு குறைவாகத் தெரியும், அவ்வளவுதான், குறைந்த செலவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதனால் அறிக்கையின் அடியில் ஒரு வரி வைத்திருக்கிறோம்: தலைப்பே பார்க்காமல், அந்த மானியக் குறியீட்டின் மொத்தப் பேரேட்டுச் செலவு கழித்தல் அறிக்கையின் மொத்தம். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் அறிக்கை போகாது. மானியக் குறியீடே போடாத பதிவுகளை இதுவும் பிடிக்காது, அவற்றைத் தனியாக வடிகட்டிப் பார்க்கிறோம்.

இந்த அமைப்பால் முடியாதது ஒன்று இருக்கிறது. பழைய பதிவின் தொகையை யாராவது நேரடியாக மாற்றினால் பதிவேறிய நாள் மாறாது, திருத்த நெடுவரிசையிலும் வராது, மொத்தம் மட்டும் நகர்ந்துவிடும். ஆகவே அறிக்கை போனதும் மென்பொருளில் அந்தக் காலத்தைப் பூட்டிவிட்டு, தாமத பில்லுக்காக மட்டும் கணக்காளர் திறந்து மூடுகிறார். பழைய தொகையை மாற்ற வேண்டுமென்றால் எதிர்ப்பதிவு போட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், பதிவை அப்படியே திருத்த அனுமதி இல்லை. கூடவே, அனுப்பிய ஒவ்வொரு அறிக்கையின் எண்களையும் சூத்திரம் இல்லாத வெறும் மதிப்புகளாகத் தனித் தாளில் வைத்து, புதிய அறிக்கை எடுக்கும்போது அதே முந்தைய காலாண்டை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எந்தத் தலைப்பில் என்பது உடனே தெரியும், வவுச்சரைத் தேடுவது மட்டும் இன்னும் கையால்தான்.