பைபாஸுக்குப் பின் பி12: மாத்திரையா, ஊசியா?

இரைப்பை பைபாஸுக்குப் பின் உணவு இரைப்பையின் பெரும்பகுதி வழியே போவதில்லை. உணவிலுள்ள பி12 உடலில் சேரத் தேவையான அமிலமும் புரதமும் அங்கேதான் சுரக்கின்றன. அதனால் பி12 மாத்திரை, ஊசி இரண்டில் ஒன்று ஆயுளுக்கும் வேண்டும்.

அளவு: மாத்திரை தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம், ஊசி மாதம் ஒருமுறை 1000.

சேர்வது: அதிக அளவு மாத்திரையில் சுமார் 1 சதவீதம் குடலில் தானாக ஊடுருவும், அதுவே போதும், ஊசிக்குக் குடலே தேவையில்லை.

தொடர்வது: உண்மையான வித்தியாசம் இங்கேதான். "தினமும் போடுகிறேன்" என்றார் ஒரு பெண். அட்டையைக் காட்டச் சொன்னேன். இரண்டு மாதம் முன் வாங்கியதில் பத்துக்கு ஆறு அப்படியே இருந்தது. பாதத்தில் மதமதப்பு, ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 160 பிகோகிராம், அது குறைவு. ஹீமோகுளோபின் மட்டும் சரியாக இருந்தது. ஃபோலிக் அமிலம் எடுத்தால் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது மறைத்துவிடும், நரம்பைக் காக்காது. அவருக்கு ஊசிதான், அதுவும் தொடக்கத்தில் அடுத்தடுத்து.

மறக்காமல் போடுபவருக்கு மாத்திரை போதும். மறப்பவருக்கும் வாந்தி நிற்காதவருக்கும் ஊசி நல்லது. எதுவானாலும் முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கல்லீரல் சேமிப்பு தீர வருடங்கள் ஆகலாம் என்பதால் குறை தாமதமாகவே தெரியும்.