படுத்த படுக்கையான அப்பா, வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்த சிஸ்டர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்ட பிறகு ஊருக்குப் போயிருந்தேன். அறந்தாங்கி பக்கத்தில் எங்கள் கிராமம். சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் வீட்டிலும் இதே நிலையில் யாராவது ஒருவர் இருக்கிறார். "வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்களாமே, உண்மையா?" என்று கேட்டவர்களுக்காக, அங்கே பார்த்ததையும் கற்றுக்கொண்டதையும் விவரமாக எழுதுகிறேன்.

அப்பாவைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் வைத்தியம் நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஃபைல் என் கையில் இருந்தது, பில் கட்டியதும் நான், அதனால் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள், உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள், தினமும் உடம்பு துடையுங்கள். வராந்தாவில் நின்றபடி பத்து நிமிடம். ஒன்றையும் செய்து காட்டவில்லை. லீவு முடிந்ததும் விமானம் ஏறப்போகிறவன் நான். இரவும் பகலும் பக்கத்தில் இருக்கப்போகிற அம்மாவும் அண்ணியும் பையைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்கள். அவர்களிடம் யாரும் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் தெருவில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்யும் பெண் தன்னார்வலரிடம் அண்ணி சொல்லி வைத்தார். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற திட்டம் என்றுதான் பலரும் இதை நினைத்திருக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவதும் அதில் சேர்ந்தே இருந்தது. தன்னார்வலர் யாரென்று தெரியாவிட்டால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும். காசு கிடையாது.

வந்த சிஸ்டர் அப்பாவைப் பார்த்து முடித்ததும் முதலில் கேட்டது, "ராத்திரி யாரு பக்கத்துல படுக்கிறீங்க?" அம்மா என்றோம். "அப்ப அம்மா முன்னாடி வாங்க. தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அவர் ஒருமுறை செய்து காட்டினார். அடுத்து அம்மா செய்தார், அதற்கடுத்து அண்ணி. ஒவ்வொருவரையும் தனியாகச் செய்யவிட்டு, கையை எங்கே வைக்க வேண்டும் என்று பிடித்துத் திருத்தினார். சொல்லிக்கொடுப்பது என்றால் இதுதான்.

திருப்பிப் போடுவதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதுவரை நாங்கள் அப்பாவின் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். விழுந்துபோன கையில் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைக்குப் பலம் இருக்காது. அக்குளில் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வலி. இழுக்கும்போது முதுகுத் தோலும் மெத்தையில் உரசிக் கிழியும். அதற்குப் பதில், பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வருமாறு அடியில் விரிக்கச் சொன்னார். ஆளுக்கொரு பக்கம் வேட்டியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். இழுக்கக் கூடாது.

இரவில் அம்மா தனி ஆள். அதற்கு வேறு வழி. எந்தப் பக்கம் திருப்பப் போகிறோமோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கத்து முழங்காலை மடித்து நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கையை மார்பின் மேல் வைத்து, தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன்னை நோக்கி உருட்ட வேண்டும். நம் பக்கம் உருட்டினால் ஆள் கட்டிலிலிருந்து விழமாட்டார், பலமும் குறைவாகவே தேவைப்படும். இடது பக்கம் திருப்பும்போது மட்டும், விழுந்த தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் முன்பே சற்று முன்னால் எடுத்துவிட வேண்டும். குனிந்து குனிந்து அம்மாவின் இடுப்பு போய்விடும் என்று கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கச் சொன்னார். நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அப்பாவை அதில் படுக்க வைத்தோம்.

ஒருக்களித்துப் படுக்க வைப்பதிலும் ஓர் அளவு உண்டு. முழுக்கப் பக்கவாட்டில் போட்டால் இடுப்பெலும்பு முனையில் மொத்தப் பாரமும் இறங்கி அங்கேயே புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, உடம்பு முப்பது டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கிற மாதிரி. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கொடுக்கும் வழக்கத்தையும், உட்காரும் இடத்துக்குக் காற்று வளையம் வைப்பதையும் வேண்டாம் என்றார். வளையம் தன் விளிம்பில் அழுத்தி, நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்தம் போகவிடாது.

காற்று மெத்தை வாங்கிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்று எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதன் மேல் ரப்பர் ஷீட், கனமான போர்வை, மேலே இன்னொரு விரிப்பு என்று அடுக்கினால் அந்தப் பலனும் போய்விடும். ஒரே ஒரு பருத்தி விரிப்புதான் போட வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். காற்று மெத்தை இருந்து, காலையில் பார்க்கும்போது தோலும் நன்றாக இருந்தால், இரவில் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் தூக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அடுத்து அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்றுதான் எங்கும் சொல்கிறார்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் நிறம் திரும்பினால் சரி. வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. ஆனால் அப்பாவைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியவே தெரியாது. சிஸ்டர் அம்மாவின் புறங்கையை எடுத்து அப்பாவின் வால் எலும்பின் மேல் வைத்தார், பிறகு ஒரு சாண் தள்ளி வைத்தார். "ரெண்டு எடமும் ஒரே மாதிரி இருக்கா?" எலும்பின் மேல் கொஞ்சம் சூடாக இருந்தது, தொட்டால் கெட்டியாக இருந்தது, சுற்றியிருந்த தோலைவிட ஒரு படி கருத்திருந்தது. நாங்கள் படுக்கைத் தழும்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இடம் அது. தேய்க்கவே கூடாது, ஸ்பிரிட்டும் பவுடரும் போடக் கூடாது, அந்த இடத்தில் பாரம் இறங்காமல் மாற்றி மாற்றிப் படுக்க வைப்பதுதான் மருந்து என்றார். அப்படியே செய்தோம். நான் கிளம்புவதற்குள் சூடும் கெட்டியும் குறைந்து, நிறமும் பழையபடி ஆகிவிட்டது. தோல் விட்டுப்போய்க் கொப்புளமோ ஈரமோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் கூடாது, உடனே தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டு வழக்கம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. நாம் டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். அப்பாவுக்கும் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் தண்ணீர் ஊற்றினோம். மோவாய் மேலே போகப் போக மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். பக்கவாதத்தில் விழுங்கும் தசை தாமதமாகத்தான் வேலை செய்யும். தண்ணீர் அதற்கு முந்திக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடும். சிலருக்கு இருமலே வராது, காய்ச்சலும் சளியும் வந்த பிறகுதான் தெரியவரும். அதனால் நன்றாக விழித்திருக்கும்போது மட்டும், நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்க, சின்ன ஸ்பூனில் பாதி மட்டும் எடுத்து, பலமுள்ள வலது கன்னத்துப் பக்கம் வைக்க வேண்டும். தொண்டையில் குரல்வளை மேடு மேலே ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

ரசம் சாதம் லேசான சாப்பாடு என்று அம்மா அதைத்தான் கொடுத்து வந்தார். சிஸ்டர் அதை நிறுத்தினார். ஒரே வாயில் ஓடுகிற தண்ணியும் பருக்கையும் சேர்ந்து வந்தால், பருக்கையை மெல்லுவதற்குள் தண்ணி ஓடிவிடும். குழைய வடித்த சாதத்தைக் கெட்டிப் பருப்போடு மத்தால் மசித்தது, கடைந்த கெட்டித் தயிர் சாதம், கேழ்வரகுக் கூழ் என்று மாற்றினோம். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் கட்டியாக விழ வேண்டும், அதுதான் பதம். தண்ணீரை எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதை மட்டும் டாக்டரோ விழுங்குதல் பயிற்சி கொடுப்பவரோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அறந்தாங்கிக்கு அனுப்பினார். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவை "ஆ" என்று சொல்ல வைப்போம். குரல் கொழகொழவென்று ஈரமாகக் கேட்டால் தொண்டையில் ஏதோ தங்கியிருக்கிறது, அந்த வேளை சாப்பாடு அதோடு நிறுத்தம். இடது கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றித் துடைத்தால், பெரும்பாலும் ஒரு கவளம் அங்கே ஒதுங்கியிருக்கும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுக்களிக்கும். ஆனால் நிமிர்ந்தே இருந்தால் உடம்பு கீழே சறுக்கி, வால் எலும்புத் தோல் இழுபடும். முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துவிட்டு, பிறகு முதுகைத் தூக்கினால் சறுக்குவது குறைகிறது. அரை மணி முடிந்ததும் தாழ்த்தி, ஒருக்களித்துவிட வேண்டும்.

குளிப்பாட்டுவது சுலபமாகவே வந்துவிட்டது. இரண்டு பேசின், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். முகத்தில் தொடங்கிக் கீழே வர வேண்டும், மறைவிடம் கடைசியில், அதற்குத் துணியும் தண்ணீரும் வேறு. துடைக்கிற பாகத்தை மட்டும் திறந்து, மற்றதைப் போர்த்தி வைத்தால் குளிராது, அப்பாவுக்குக் கூச்சமும் இல்லை. இறுகிப் போன இடது கை விரல்களை மெதுவாக விரித்து உள்ளங்கையைக் கழுவி ஒற்றியெடுப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்களாம்; அங்கே அழுக்குச் சேர்ந்து நாறிப் புண்ணாகும். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தோலை முழுக்கப் பார்ப்பதற்கும் இதுதான் நேரம்.

குறையும் உண்டு. எங்கள் வட்டாரம் முழுவதற்கும் அந்தச் சிஸ்டர் ஒருவர்தான், நினைத்த நாளில் வர முடியாது. இரவுக்கு ஆள் கிடையாது. மூச்சு வாங்கினாலோ, திடீரென்று மயக்கமாகக் கிடந்தாலோ அவருக்காகக் காத்திருக்காமல் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும்.

நீங்கள் ஊருக்குப் போனால், சிஸ்டர் வரும் நாளில் இரவில் பக்கத்தில் படுப்பவர் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வயல் வேலை, கல்யாணம் என்று அன்றைக்கு அவரை அனுப்பிவிடாதீர்கள். இங்கிருந்து போன் செய்யும்போது நான் இப்போது அம்மாவிடம் கேட்பது மூன்று விஷயம்: கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினீர்கள், வால் எலும்பில் புறங்கை வைத்துப் பார்த்தீர்களா, சாப்பிட்ட பிறகு "ஆ" எப்படி இருந்தது. அம்மா போனை அப்பாவின் வாயருகே வைத்துவிடுகிறார், அதை நானே கேட்டுக்கொள்கிறேன்.