கூட்டுக்குடும்ப வரி: நகரியும் கொழிஞ்சாம்பாறையும்

பூர்விகக் கடை வாடகை ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆந்திரத்து நகரியில் பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்துக்குத் தனிப் பான் எண் வாங்கலாம். வாடகையில் 30 சதவீதம் கழிந்தால் மிச்சம் 2,10,000. பழைய வரித்திட்டத்தின் 2,50,000 வரம்புக்குள் அடங்குவதால் வரி இல்லை. இதையே 30 சதவீத அடுக்கிலுள்ள தந்தையின் சொந்த வருமானமாகக் காட்டினால், செஸ் சேர்த்து 65,520 ரூபாய் போய்விடும். ஆனால் அவர் சொந்தச் சம்பாத்தியத்தைக் குடும்பப் பொதுவில் போட்டால், அதன் வருமானம் அவர் கணக்கிலேயே சேரும்.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் இந்த வழியே இல்லாமல் இருந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம், 1976 டிசம்பர் 1 முதல், பிறப்பால் வரும் கூட்டுரிமையை ஒழித்துவிட்டது. அதன் முக்கியப் பிரிவுகள் 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்கு முரணானவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளிக்கும் வரை, அங்கே அவரவர் பங்கு வாடகையை அவரவர் கணக்கில்தான் காட்ட வேண்டியிருந்தது. பங்கு சிறியதானால் அதுவும் நல்லதே: தனிநபருக்குள்ள 87ஏ தள்ளுபடி கூட்டுக்குடும்பத்துக்கு இல்லை.