கூட்டு வட்டிப் பாடம்: கையெழுத்து அட்டவணையா, விரிதாளா?

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கூட்டு வட்டிக்கான சூத்திரம் ஏற்கெனவே தெரியும். ஆனால் சூத்திரம் கடைசித் தொகையை மட்டும் சொல்லுமே தவிர, இடைப்பட்ட காலாண்டுகளில் பணம் எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்லாது. அதைக் காட்டக் கையால் எழுதும் அட்டவணை, விரிதாள் என இரு வழிகள் உண்டு. ஒரே கணக்கை இரண்டிலும் செய்து பார்த்தால் எது எதற்கு உதவும் என்பது தெரியும்.

ஒரு லட்சம் ரூபாயைச் சேமிக்க இரண்டு திட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் திட்டத்தில் ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி. இரண்டாவதில் 7 விழுக்காடு வட்டி, நம் நாட்டு வங்கி வைப்புகளில் வழக்கமாக உள்ளதுபோல, காலாண்டுக்கு ஒருமுறை அசலுடன் சேர்க்கப்படும். வரிப்பிடித்தத்தை இங்கே விட்டுவிடலாம்.

| ஆண்டு முடிவில் | தனிவட்டி 8% (ரூ.) | கூட்டு வட்டி 7% (ரூ.) |
|---|---|---|
| 1 | 1,08,000 | 1,07,186 |
| 2 | 1,16,000 | 1,14,888 |
| 3 | 1,24,000 | 1,23,144 |
| 4 | 1,32,000 | 1,31,993 |
| 5 | 1,40,000 | 1,41,478 |

நான்காம் ஆண்டு முடிவில் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் 7 ரூபாய். இந்த எண்களை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

முதலில் கையெழுத்து அட்டவணையைப் பார்ப்போம். காலாண்டு வட்டி 1.75 விழுக்காடு என்பதால், மாணவர் முதல் வரியில் 1,750 ரூபாய் வட்டியை எழுதி அசலுடன் கூட்டி, அடுத்த வரியில் 1,01,750 ரூபாய்க்கு வட்டி கணக்கிட வேண்டும். எட்டு வரிகள் எழுதி முடித்து ஒன்பதாம் வரிக்கு வரும்போது வட்டி மட்டும் 2,011 ரூபாயாகியிருக்கும். தனிவட்டித் திட்டத்தில் ஒரு காலாண்டுக்குக் கிடைப்பது எப்போதும் 2,000 ரூபாய்தான். ஆக, வட்டியின் வேகத்தில் கூட்டு வட்டி ஒன்பதாம் காலாண்டிலேயே முந்திவிடுகிறது. ஆனால் அதுவரை விழுந்த ஏறத்தாழ 1,112 ரூபாய்ப் பள்ளத்தை அடைக்கவே இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வேகத்தில் முந்துவதும் மொத்தத்தில் முந்துவதும் வேறு வேறு என்பதை, வட்டிக்கென்று தனி நிரல் போட்டு வரிவரியாக எழுதிய மாணவர் தானாகவே கண்டுகொள்வார்.

கையெழுத்து அட்டவணையின் பலவீனம் முழுமையாக்கலில் இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டு வட்டியையும் அருகிலுள்ள முழு ரூபாய்க்கு மாற்றிக்கொண்டே போனால் பதினாறாம் வரியில் 1,31,996 ரூபாய் வரும். மூன்று ரூபாய்ப் பிழைதான், யார் முந்துகிறார் என்ற முடிவு மாறவில்லை. ஆனால் சிலர் பதினாறு வரிகளைத் தவிர்க்க, ஓராண்டில் உண்மையில் சேரும் வட்டி 7.19 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டு நான்கே வரிகளில் கணக்கை முடிப்பார்கள். சரியான மதிப்பு 7.1859. அந்தச் சிறு உயர்வினால் விடை 1,32,013 ஆகி, தோற்ற திட்டம் வென்றதாகத் தெரியும்.

விரிதாளில் இந்தத் தொல்லை இல்லை. அசலை B2 கட்டத்திலும் ஆண்டு வட்டியை F1 கட்டத்திலும் இட்டு, B3 கட்டத்தில் இதை எழுதிப் பதினாறு வரிகளுக்குக் கீழே இழுத்தால் போதும்:

```
=B2*(1+$F$1/4)
```

B18 கட்டத்தில் 1,31,992.94 வரும். அதற்குப் பிறகு F1 கட்டத்தில் 7.01 விழுக்காடு என்று மாற்றினால், தொகை 1,32,000 ரூபாயைத் தாண்டி நான்காம் ஆண்டிலேயே கூட்டு வட்டி வென்றுவிடும். ஒரே ஒரு எண்ணை மாற்றி இப்படிக் கேட்டுப் பார்ப்பதற்குக் கையெழுத்து அட்டவணையில் பதினாறு வரிகளையும் மறுபடி எழுத வேண்டும்.

விரிதாளுக்கும் தனக்கே உரிய பிழைகள் உண்டு. டாலர் குறிகளை விட்டுவிட்டால் அடுத்த வரி வெற்றுக் கட்டமான F2-ஐ வட்டியாக எடுத்துக்கொள்ளும். அப்போது 1,01,750 என்ற தொகையே நிரல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். விழுக்காட்டுக் குறி இல்லாமல் 7 என்று மட்டும் இட்டால், முதல் காலாண்டிலேயே தொகை 2,75,000 ஆகிவிடும். இவை கண்ணில் படும் பிழைகள். வட்டியை நான்கால் வகுத்துவிட்டு நான்கு வரிகளோடு நிறுத்திவிட்டு, அதை நான்கு ஆண்டுகள் என்று எண்ணிக்கொள்வது அப்படிப்பட்டதல்ல. 1,07,186 என்ற எண் பார்ப்பதற்கு நியாயமாகவே தோன்றும். முதல் காலாண்டுகளைக் கையால் எழுதிப் பார்த்தவர் மட்டுமே அது ஓராண்டுத் தொகை என்று உடனே சொல்வார்.

ஆகவே என் தேர்வு இதுதான்: ஒன்பதாம் காலாண்டு வரை கையால் எழுதச் சொல்லி, பைசாவோடு இரண்டு தசம இடங்களை விடாமல் காக்கச் செய்து, பத்தாம் வரியிலிருந்து விரிதாளுக்கு மாற்றுவேன். இரண்டிலும் ஒன்பதாம் வரி 1,16,898.72 என ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வட்டி வீதத்தை மாற்றிப் பார்க்க அனுமதிப்பேன்.